சளிக்காரர் கையிலிருந்து டம்ளரைப் பிடுங்காதீர்கள்

வீட்டில் ஒருவருக்குச் சளி பிடித்துவிட்டால் மூன்று தடைகள் உடனே வந்துவிடும். தலைக்குக் குளிக்காதே, தயிர் சாப்பிடாதே, காபி டீயைத் தொடாதே. முதல் இரண்டும் பாட்டி காலத்தவை. மூன்றாவது பிற்பாடு வந்தது, படித்தவர்கள் சொல்வது. காபியிலும் டீயிலும் கஃபீன் இருக்கிறது, கஃபீன் சிறுநீரைப் பெருக்கும், சிறுநீர் பெருகினால் உடம்பில் நீர் குறையும், காய்ச்சலில் ஏற்கெனவே வாடியிருக்கிற உடம்பு இன்னும் வற்றிப்போகும் என்பது அவர்கள் தரும் காரணம். பத்திரிகைகளின் நலவாழ்வுப் பக்கங்களில் இதைப் படிக்கிறோம், மருந்துக் கடையில் கேட்கிறோம், சில டாக்டர்களும் மருந்துச் சீட்டை நீட்டும்போது சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள்.

ஒவ்வொரு படியும் சரியாகத் தோன்றுவதால் யாரும் எதிர்த்துக் கேட்பதில்லை. ஆனால் நடுவில் ஒரு கணக்கு விடுபட்டிருக்கிறது. எவ்வளவு கஃபீனுக்கு எவ்வளவு சிறுநீர் கூடுகிறது, அதே டம்ளரோடு உள்ளே போன நீர் எவ்வளவு? இதைப் போட்டுப் பார்த்தால் அந்த அறிவுரை நிற்காது. நிற்காதது மட்டுமல்ல, படுத்திருப்பவருக்கு அது கெடுதலும் செய்கிறது.

கஃபீன் சிறுநீரைக் கூட்டும் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. சிறுநீரகம் வடிகட்டி வெளியே தள்ளும் உப்பில் மிகப்பெரும் பகுதியை உடம்பு திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. உப்பு திரும்பும்போது நீரும் கூடவே திரும்பும். இந்த உறிஞ்சலுக்கு அடினோசின் என்ற பொருள் துணை செய்கிறது. அடினோசின் வந்து உட்காரவேண்டிய இடத்தில் கஃபீன் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். மூளையில் இப்படி உட்காருவதால்தான் தூக்கம் கலைகிறது. சிறுநீரகத்தில் உட்காரும்போது கொஞ்சம் உப்பும் கொஞ்சம் நீரும் திரும்பாமல் வெளியேறுகின்றன. இதுவரை எல்லாம் உண்மை. அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்பதில்தான் வழக்கு.

இந்த வழக்கில் அடிக்கடி சாட்சிக்கு அழைக்கப்படும் பழைய ஆய்வு 1928ல் வெளியானது. எட்டி, டவுன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் மூன்றே மூன்று பேரை வைத்துச் செய்த சோதனை அது. கஃபீன் கொடுத்தால் சிறுநீர் கூடுகிறது என்று அவர்கள் கண்டார்கள். தொடர்ந்து கஃபீன் எடுப்பவர்களிடம் அந்த விளைவு மங்கிப்போகிறது என்பதையும் அவர்களே கண்டு எழுதினார்கள். முதல் பாதி உலகம் முழுக்கப் பரவியது. இரண்டாம் பாதியை எடுத்துச் சொல்ல ஆள் இல்லை.

எதிர்த்தரப்பின் வலுவான சான்று 1997ல் ஜெர்மனியிலிருந்து வந்தது, அதை நான் ஒதுக்கிவிட்டுப் போகப்போவதில்லை. பன்னிரண்டு பேரை ஐந்து நாள் கஃபீனே இல்லாமல் இருக்கவைத்து, அடுத்து ஒரே நாளில் ஆறு கோப்பைக் காபி கொடுத்தார்கள். மொத்தம் 642 மில்லிகிராம் கஃபீன். அன்று அவர்களுடைய சிறுநீர் சுமார் முக்கால் லிட்டர் கூடியது, உடம்பில் நீரும் உண்மையிலேயே குறைந்தது. சரியான சோதனைதான். ஆனால் அது யாரைப் பற்றிப் பேசுகிறது என்று பாருங்கள். பழக்கம் விட்டுப்போன ஒருவர், ஒரே நாளில், நம் வீட்டுக் கணக்கில் இரண்டு நாள் காபியைக் குடித்தால் என்ன ஆகும் என்று பேசுகிறது. தினமும் குடிக்கிற காபியைச் சளி வந்த நாளிலும் குடிக்கும் மனிதரைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

அவரைப் பற்றிச் சொல்லும் சோதனைகள் வேறு. 2014ல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில், நாளுக்கு மூன்று முதல் ஆறு கோப்பை குடித்துப் பழகிய ஐம்பது ஆண்களுக்கு மூன்று நாள் தினமும் நான்கு கோப்பைக் காபி கொடுத்தார்கள். இன்னொரு மூன்று நாள் அதே அளவு தண்ணீர் கொடுத்தார்கள். ஒரு கோப்பை 200 மில்லி. சிறுநீரின் அளவு, இரத்தம், உடம்பின் மொத்த நீர் எல்லாவற்றையும் அளந்தார்கள். காபி நாட்களுக்கும் தண்ணீர் நாட்களுக்கும் உடல்நீரில் வேறுபாடு தெரியவில்லை. டீக்கு 2011ல் இதேபோல ஒரு சோதனை நடந்தது. நான்கு கோப்பை, பிறகு ஆறு கோப்பை டீ, எதிர்ப்பக்கத்தில் அதே அளவு கொதிக்கவைத்த தண்ணீர். அங்கும் வேறுபாடு இல்லை.

பழகியவர், பழகாதவர் எல்லாரையும் சேர்த்துப் பதினாறு ஆய்வுகளை 2015ல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது, ஏறக்குறைய 300 மில்லிகிராம் கஃபீனுக்குக் கூடுதலாகப் போன சிறுநீர் சராசரியாக 109 மில்லி. பெண்களுக்கு இந்த விளைவு ஆண்களைவிட அதிகம். உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தவர்களிடம் விளைவு ஏறக்குறைய மறைந்தே போனது. இவை எல்லாம் நல்ல உடம்போடு இருந்தவர்களை வைத்துச் செய்தவை, காய்ச்சல்காரர்களை வைத்து அல்ல என்று யாராவது சுட்டிக்காட்டலாம். நியாயம். ஆனாலும் உடம்பு உழைக்கும்போது மங்கிவிடுகிற ஒரு விளைவு, படுக்கையில் இருப்பவரை மட்டும் வற்றவைத்துவிடும் என்று சொல்பவர்தான் அதற்குச் சான்று காட்டவேண்டும். இதுவரை அப்படி யாரும் காட்டி நான் பார்க்கவில்லை.

இப்போது நம் டம்ளருக்கு வருவோம். வீட்டு ஃபில்டர் காபி ஒரு டம்ளர் 150 மில்லி என்று வைத்துக்கொள்ளலாம். அதில் டிகாக்‌ஷன் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது, மீதி பால். கஃபீன் வீட்டுக்கு வீடு மாறும். ரொபஸ்டா கொட்டையில் அராபிகாவைப்போல ஏறக்குறைய இரு மடங்கு கஃபீன். சிக்கரியில் கஃபீனே இல்லை. நம் நாட்டுச் சட்டப்படி காபி-சிக்கரிக் கலவையில் காபி 51 சதவீதம் இருந்தாலே போதும் என்பதால், கடையில் வாங்கும் பல பொடிகளில் பாதிக்குக் கிட்டச் சிக்கரி. ஆக ஒரு டம்ளருக்கு 60லிருந்து 100 மில்லிகிராம் என்பது தாராளமான மதிப்பு. டீக்கடைக் கண்ணாடி டம்ளரில் 30 மில்லிகிராமை ஒட்டி இருக்கும். சுக்குக் காபிக்குப் பேர்தான் காபி. சுக்கு, மல்லி, மிளகு, கருப்பட்டி மட்டும் போட்டுக் கொதிக்கவைத்தால் அதில் கஃபீன் சுத்தமாக இல்லை.

நாளுக்கு நான்கு டம்ளர் காபி குடிப்பவருக்கு 600 மில்லி நீர் உள்ளே போகிறது. கஃபீன் 300 மில்லிகிராம் என்றே வைப்போம். தொகுப்பாய்வின் சராசரியை அப்படியே கழித்தாலும் 490 மில்லி உடம்பில் மிச்சம். பழகியவருக்குக் கழிவு இன்னும் குறைவு. காபியை நிறுத்திவிட்டு அந்த 600 மில்லியையும் அவர் வெந்நீராகக் குடித்துவிட்டால் நஷ்டம் இல்லை. குடிப்பாரா?

என் பெரியம்மாவின் கதையைச் சொன்னால் விளங்கும். வயது 68, மயிலாடுதுறையில் தனியாக இருக்கிறார். விடிகாலையில் ஒரு காபி, டிபனுக்குப் பின் ஒன்று, பதினோரு மணிக்கு ஒன்று, மாலை நான்குக்கு ஒன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூக்கு ஒழுக ஆரம்பித்தது. இரவு ஃபோனில் மகன், “அம்மா, நாளையிலேர்ந்து காபியே வேண்டாம், உடம்பு வறண்டுடும், வெந்நீரா குடி” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். அவரும் நிறுத்தினார். திங்கள் மாலை தலைவலி தொடங்கியது. நெற்றி முழுக்க, இரண்டு பக்கமும், விண்விண்ணென்று. செவ்வாய்க்கிழமை கண்ணைத் திறக்க முடியவில்லை, குமட்டல், ஓயாத கொட்டாவி, யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாம் “சளி தலையில ஏறிடுச்சு” என்றார்கள். பக்கத்துக் கிளினிக்கில் சைனஸ் என்று ஆன்டிபயாடிக் எழுதிக்கொடுத்தார்கள்.

நான் செவ்வாய் இரவு போய்ச் சேர்ந்தேன். அன்று முழுக்க என்ன குடித்தீர்கள் என்று கேட்டேன். காலையில் அரை டம்ளர் கஞ்சி, மத்தியானம் ரசம் ஊற்றி நாலு வாய் சாதம், மாத்திரை விழுங்க இரண்டு மடக்கு வெந்நீர். “வெந்நீர் வாய்க்குள்ளயே போக மாட்டேங்குதுடா, கசக்குது” என்றார். எல்லாவற்றையும் கூட்டினாலும் அரை லிட்டருக்கு மேல் தேறாது. உடம்பு வற்றக்கூடாது என்று காபியை நிறுத்தியவருக்கு வறட்சி வந்திருந்தது. காபியோடு போய்க்கொண்டிருந்த நீர் நின்றுபோனதால் வந்தது அது.

தலைவலிக்கும் அதுதான் மூலம். தினமும் கஃபீன் எடுப்பவர் திடீரென்று நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி ஆரம்பிக்கும், ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும், சிலருக்கு ஒரு வாரம்கூட நீடிக்கும். நாளுக்கு 100 மில்லிகிராம், அதாவது ஒன்றரை டம்ளர் பழக்கமே இதற்குப் போதும். ஞாயிறு மாலை நான்கு மணிக் காபிக்கும் திங்கள் மாலைத் தலைவலிக்கும் இடையே ஏறக்குறைய 24 மணி நேரம். சைனஸ் வலி வேறு மாதிரி இருக்கும். கன்னம், புருவம், மேல் பற்கள் என்று ஓரிடத்தில் அழுத்தும், பெரும்பாலும் ஒரு பக்கம் கூடுதலாக இருக்கும், குனிந்தால் ஏறும், மூக்கிலிருந்து கெட்டியாக நிறம் மாறிய சளி வரும். பெரியம்மாவுக்கு மூக்கு இன்னும் தண்ணீராகத்தான் ஒழுகிக்கொண்டிருந்தது. புதன் காலை ஒரு டம்ளர் காபி போட்டுக் கொடுத்தேன். ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து உட்கார்ந்து தலை வாரிக்கொண்டார். சளி அப்படியேதான் இருந்தது, அது போக இன்னும் நாலு நாள் ஆயிற்று. தலைவலி திரும்ப வரவில்லை.

இப்படி எத்தனை வீடுகளில் காபி நிறுத்திய வலி சளியின் கணக்கில் எழுதப்படுகிறதோ, நினைத்தால் கோபமாக வருகிறது. வேண்டாத ஆன்டிபயாடிக் வரை போய்விடுகிறது இது. காபியை விலக்கச் சொல்லும் அதே மருந்துக் கடையில் தரும் சளி மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பாராசிட்டமாலோடு கஃபீன் 30 மில்லிகிராம் என்று பல அட்டைகளில் அச்சாகியிருக்கும். அதை அங்கே சேர்ப்பதற்கு ஒரு காரணம் உண்டு. வலி மாத்திரையோடு 100 மில்லிகிராம் அளவு கஃபீன் சேர்ந்தால், அந்த மாத்திரைக்கு நன்றாகக் கேட்பவர்கள் நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேர்வரை கூடுகிறார்கள் என்பது 2014ன் காக்ரேன் தொகுப்பாய்வின் முடிவு. அந்த 100 மில்லிகிராம், மாத்திரையில் வருவதைவிட ஒன்றரை டம்ளர் காபியில் எளிதாக வந்துவிடும்.

“அதெல்லாம் சரி, டீ குடித்தால் தொண்டை வறள்கிறதே, அது பொய்யா?” என்று கேட்பவர்கள் உண்டு. வறள்வது உண்மை, காரணம்தான் வேறு. மூக்கு அடைத்தவர் இரவெல்லாம் வாயால் மூச்சு விடுகிறார், வாய் காய்ந்துபோகிறது. சளிக்குக் கொடுக்கும் செட்ரிசின், குளோர்பெனிரமின் போன்ற மாத்திரைகள் உமிழ்நீரைக் குறைப்பவை. டீயில் இருக்கும் துவர்ப்புப் பொருள்கள் எச்சிலின் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு நாக்கைச் சொரசொரப்பாக்கும். மாதுளந்தோலை மென்றாலும் அதே உணர்வு வரும், அதற்காக உடம்பில் நீர் குறைந்ததாக ஆகாது. வாயில் தெரியும் வறட்சியை மட்டும் வைத்து உடம்பின் நீரைக் கணிக்கக் கூடாது.

சிறுநீரைப் பாருங்கள். வெளிர்மஞ்சளாக, மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது போனால் நீர் போதுமானது. அடர்ந்த நிறத்தில் கொஞ்சமாகப் போனால் குறைவு. ஒரு எச்சரிக்கை: சத்துக்கு என்று பி-காம்ப்ளக்ஸ் மாத்திரை எழுதியிருந்தால் அதிலுள்ள ரிபோஃபிளேவின் சிறுநீரைப் பளிச்சென்ற மஞ்சளாக்கும். அப்போது நிறத்தை நம்பாமல் எவ்வளவு போகிறது, எத்தனை தடவை போகிறது என்பதைப் பார்க்கவேண்டும்.

சூடான பானத்தால் என்ன கிடைக்கிறது என்பதிலும் மிகை வேண்டாம். 2008ல் கார்டிஃபில் உள்ள சளி ஆய்வு மையத்தில் முப்பது சளிக்காரர்களுக்கு ஒரு பழப் பானத்தைச் சூடாகவும் அறை வெப்பத்திலும் கொடுத்துப் பார்த்தார்கள். மூக்கின் வழியே போகும் காற்றைக் கருவியால் அளந்தபோது சூடான பானம் அதைக் கூட்டவில்லை. ஆனால் தொண்டைவலி, குளிர், அசதி ஆகிய மூன்றும் சூடாகக் குடித்தவர்களுக்குத்தான் தணிந்தன. சளி குணமாகவில்லை, படுவது குறைந்தது. சளிக்கு மருந்தே இல்லாதபோது படுவது குறைவதைச் சின்ன விஷயம் என்று நான் நினைக்கவில்லை. சளியின்போது மந்தமாகும் கவனத்தைக் கஃபீன் ஓரளவு மீட்டுத்தருகிறது என்பதையும் 1997ல் பிரிட்டனில் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள்.

நம் காபி பால் காபி என்பதால் இன்னொரு தடையும் கூடவே வரும், பால் சளியைக் கூட்டும் என்று. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் அறுபது பேருக்குச் சளி வைரஸைக் கொடுத்து, அவர்கள் மூக்கு சிந்தியதை எடை போட்டே பார்த்துவிட்டார்கள். பால் அதிகம் குடித்தவர்களுக்குச் சளி அதிகம் வரவில்லை. 1990ல் வெளியான ஆய்வு அது. பால் தொண்டையில் கொஞ்ச நேரம் படிவதுபோல் இருக்கும், அவ்வளவுதான்.

காபியைக் குறைக்கவேண்டிய நேரங்களும் உண்டு. எதற்காக என்பதைச் சரியாகச் சொன்னால் மக்கள் சரியாகக் குறைப்பார்கள். முதல் காரணம் தூக்கம். குடித்த கஃபீனில் பாதி கழிய ஐந்து மணி நேரம் ஆகும். கருத்தடை மாத்திரை எடுப்பவருக்கும் கர்ப்பிணிக்கும் இன்னும் நேரம் பிடிக்கும், சிப்ரோஃபிளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கும் அதைத் தாமதப்படுத்தும். சளியோடு இருப்பவருக்கு இரவுத் தூக்கம் ஏற்கெனவே அரைகுறை. ஆகவே கடைசிக் காபியை மத்தியானத்தோடு முடித்துக்கொண்டு, மாலை டம்ளரில் சுக்குக் காபியோ கஞ்சித் தண்ணீரோ ரசமோ ஊற்றலாம். டம்ளரின் அளவு குறையக்கூடாது.

இரண்டாவது, ஆஸ்துமாவுக்கோ நாள்பட்ட மூச்சிரைப்புக்கோ தியோபிலின் சேர்ந்த மாத்திரை எடுப்பவர்கள். தியோபிலின் கஃபீனுக்கு உடன்பிறப்பு, ஈரலில் இரண்டும் ஒரே வழியில் கழிகின்றன. 1980ல் அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் இன்ஃபுளூயன்சா பரவியபோது, இந்த மருந்தை வழக்கமான அளவில் எடுத்துவந்த குழந்தைகள் சிலருக்கு அதுவே நஞ்சளவுக்கு ஏறிவிட்டது. காய்ச்சல் அந்த வழியை அடைத்ததுதான் காரணம். இந்த மாத்திரையில் இருப்பவர் காய்ச்சலின்போது காபியைப் பாதியாகக் குறைப்பது நல்லது. நெஞ்சு படபடத்தாலோ, கை நடுங்கினாலோ, வாந்தி வந்தாலோ டாக்டரிடம் உடனே சொல்லவேண்டும்.

கொதிக்கக் கொதிக்கக் குடிக்கவும் வேண்டாம். 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016ல் வகைப்படுத்தியது. ஒருமுறை ஆற்றிவிட்டு, உதட்டில் சுடாமல் குடிக்கும் பதம் போதும். சின்னக் குழந்தைகளுக்கு இந்தக் கட்டுரை பொருந்தாது, அவர்களுக்குக் காபி டீ பழக்கமே தேவையில்லை.

வாந்தியும் பேதியும் சேர்ந்துகொண்டால் கதை மாறிவிடும். அங்கே நீரோடு உப்பும் போகிறது, காபியோ டீயோ வெறும் வெந்நீரோ அந்த உப்பைத் திருப்பித் தராது, ஓஆர்எஸ் பொட்டலம்தான் தரும். ஒரு பொட்டலத்தை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்து, சிறுகச் சிறுகக் கொடுக்கவேண்டும். எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது, எட்டு மணி நேரமாகச் சிறுநீரே போகவில்லை, ஆள் பேச்சில் தடுமாறுகிறார் என்றால், என்ன குடித்தார் என்று விசாரித்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.